கோயம்புத்தூருக்கு டிக்கெட், பெங்களூரில் இறக்கம்

மார்கழி பிறந்த வாரம், இரவு பத்து மணிக்கு டெல்லியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். தை மாதம் என் பெண்ணுக்குக் கல்யாணம். சனி மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம், மண்டபம் இங்கே பெங்களூர் அல்சூரில். முறைப்பையன் வந்து நின்று பந்தியைக் கவனிக்கவில்லை என்றால் ஊர் தானாக ஒரு கதை கட்டிவிடும். ஆகவே அவன் வந்தே தீர வேண்டும்.

"மாமா, ஒரு விசித்திரம் பாருங்கள். சனிக்கிழமை காலை டெல்லியிலிருந்து பெங்களூருக்கு 9,800 ரூபாய் காட்டுகிறது. அதே விமானத்தில் பெங்களூர் வந்து, அங்கே வேறு விமானம் மாறிக் கோயம்புத்தூர் போகிற டிக்கெட் 6,700 தான். நான் கோவைக்கு வாங்கிவிட்டுப் பெங்களூரிலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டால் யார் கேட்பார்கள்?"

கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் 22 வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஹிட்டன் சிட்டி' என்று பெயர். போக வேண்டிய ஊரை டிக்கெட்டின் நடுவில் ஒளித்து வைப்பது. எங்கள் அலுவலகத்தில் 'பாதியில் இறங்கும் டிக்கெட்' என்போம்.

அவன் முன்னால் இருந்த வழிகள் மூன்று. முழு விலை கொடுத்து நேரடி டிக்கெட் வாங்கலாம். கோவை டிக்கெட் வாங்கிப் பாதியில் இறங்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், முந்தைய நாளே சென்னைக்குப் பறந்து அங்கிருந்து இரவு ரயிலில் வரலாம். தேதியை மாற்றினால் விலை குறையும் என்று எல்லோரும் சொல்லும் நான்காவது வழி இங்கே உதவாது. முகூர்த்தத்தை விமான நிறுவனத்தைக் கேட்டா வைக்கிறோம்?

முதலில், இந்த விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஓசூர் டிக்கெட்டைவிடக் கிருஷ்ணகிரி டிக்கெட் மலிவு என்று பஸ் கண்டக்டர் சொன்னால் அவரை விட்டுவிடுவோமா? பஸ்ஸில் கட்டணம் கிலோமீட்டருக்கு. விமானத்தில் அப்படி இல்லை. புறப்படும் ஊர், சேரும் ஊர் என்ற ஜோடிக்குத்தான் விலை. டெல்லி–பெங்களூர் ஒரு சந்தை. அதில் அலுவலகக் காசில் பறப்பவர்கள் அதிகம். சனிக்கிழமை காலை கிளம்பும் நேரடி விமானத்துக்கு 9,800 சொன்னாலும் இருக்கை நிரம்பிவிடும். டெல்லி–கோவை வேறு சந்தை. அங்கே மற்ற நிறுவனங்களின் நேரடி விமானங்களோடு போட்டி போட வேண்டும். பெங்களூரில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அழைத்துப் போகிறவர், நேரடி விமானத்தைவிடக் குறைத்துக் கேட்டால்தான் ஆள் வரும். அதனால்தான் அதே விமானம், அதே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை; ஒருவர் 9,800 கொடுத்திருப்பார், இன்னொருவர் 6,700.

இருக்கைகளும் விலைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். எங்கள் திரையில் இது வேடிக்கையாகத் தெரியும். டெல்லி–பெங்களூர் என்று மட்டும் தட்டினால் மலிவு வகுப்பில் ஒரு இருக்கைகூட இல்லை என்று காட்டும். கூடவே பெங்களூர்–கோவை சேர்த்துத் தட்டினால், இல்லாத இருக்கை எங்கிருந்தோ வந்து நிற்கும். இரண்டு துண்டையும் சேர்த்து விற்றால் மட்டுமே இந்த விலை என்று கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தொழிலில் இதை 'மேரீட் செக்மென்ட்' என்பார்கள், கல்யாணம் ஆன துண்டுகள் என்று அர்த்தம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது என்பதுதான் அந்தக் கல்யாணத்தின் நிபந்தனை. அக்கா மகன் செய்ய நினைத்தது, தாலி கட்டிய கையோடு மண்டபத்திலிருந்து நழுவுகிற வேலை.

இது குற்றமா என்று கேட்டான். குற்றமில்லை, போலீஸ் வராது. ஆனால் ஒப்பந்தத்தை மீறுவது. பல விமான நிறுவனங்களின் பயண நிபந்தனைகளில், டிக்கெட்டில் உள்ள பயணங்களை எழுதியிருக்கும் வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும், நடுவில் ஒன்றை விட்டால் மிச்சம் செல்லாது என்று இருக்கும். அதனால் முதல் துண்டை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏற முடியாது. கடைசித் துண்டை மட்டும்தான் விட முடியும். போக வர ஒரே பி.என்.ஆரில் வாங்கியிருந்தால், போகும்போது பாதியில் இறங்கிய மறு நிமிடமே திரும்பும் டிக்கெட் செத்துவிடும். திங்கட்கிழமை விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக வாங்கினால் இந்தச் சங்கடம் இல்லை. அக்கா மகன் அதையும் யோசித்து வைத்திருந்தான். பையன் கெட்டிக்காரன்தான்.

அவன் யோசிக்காதது பெட்டி. அக்கா பத்து நாள் முன்பே வந்துவிடுவாள்; அவள் தூக்க முடியாததெல்லாம் இவன் பெட்டியில் வர வேண்டும் என்று ஏற்பாடு. குத்துவிளக்கு ஒரு ஜோடி, கரோல்பாக்கில் எடுத்த புடவைகள், இவனுடைய கோட்டு. டெல்லி கவுன்ட்டரில் பெட்டியைப் போட்டால் அதன் கைப்பிடியில் சுற்றும் காகிதப் பட்டையில் கொட்டை எழுத்தில் CJB என்று இருக்கும். அது கோவை. பெட்டி பெங்களூரில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி, வெயிலில் நிற்கும் வண்டியில் ஏறி, இன்னொரு விமானத்துக்குப் போய்விடும். பெங்களூர் பெல்ட்டில் வரவே வராது. 'பெங்களூரிலேயே எடுத்துக்கொள்கிறேன், அங்கேவரை டேக் போடுங்கள்' என்று கேட்பது, நான் பாதியில் இறங்கப் போகிறேன் என்று கவுன்ட்டரில் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். ஆக, கையில் எடுத்துப்போகும் ஏழு கிலோ மட்டும். டிக்கெட் விலையில் அடங்கிய 15 கிலோ வீண். குத்துவிளக்கு கூரியரில் வர வேண்டும்.

கைப்பைதானே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. விமானம் நிறைந்திருந்தால், கடைசியாக ஏறுகிறவர்களின் பைகளுக்கு மேலே இடம் இருக்காது. வாசலில் நிற்கும் ஊழியர் சிரித்த முகத்தோடு, கட்டணம் இல்லாமல், பையை வாங்கி ஒரு பட்டையைச் சுற்றிக் கீழே அனுப்புவார். அந்தப் பட்டையிலும் CJB தான். கல்யாண சீசன் சனிக்கிழமையில் இது சர்வ சாதாரணம்.

அடுத்தது இறங்குகிற காட்சி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெங்களூரில் விமானம் மாற வேண்டிய டிக்கெட் என்றால் இறங்குவது சுலபம். எல்லோரோடும் இறங்கி, இணைப்பு விமானத்துக்கான பலகையைப் பார்க்காமல் வெளியே போகும் வழியில் நடந்துவிடலாம், வாசலில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஆனால் சில டிக்கெட்டுகளில் ஒரே விமானம்தான் பெங்களூரில் இறங்கி, அரை மணி கழித்து மேலே போகும். அப்போது தொடர்ந்து போகிறவர்கள் இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். பணிப்பெண் கையில் ஒரு தாளோடு வந்து தலைகளை எண்ணுவார். மேலே இருக்கும் ஒவ்வொரு பையையும் தொட்டு, 'இது யாருடையது?' என்று கேட்பார். சொந்தக்காரர் இல்லாத பை ஒன்று இருந்தாலோ தலை ஒன்று குறைந்தாலோ விமானம் நகராது, பாதுகாப்புக்காரர்கள் வருவார்கள். கீழே அந்த ஆளின் பெட்டி இருந்தால் அதைத் தேடி எடுத்து இறக்குவார்கள். நம் மூவாயிரத்துக்காக நூற்றைம்பது பேர் உள்ளே புழுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். இந்த வகை டிக்கெட்டில் பாதியில் இறங்க நினைப்பவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அக்கா மகனுடையது விமானம் மாறுகிற வகை, தப்பித்தான். பெட்டியையும் விட்டுவிடுகிறேன், புடவையைக் கூரியரில் போடுகிறேன் என்றான். அப்போதுதான் நான் பெரிய விஷயத்துக்கு வந்தேன். இந்தத் தந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெட்டியைச் சொல்வார்கள், திரும்பும் டிக்கெட்டைச் சொல்வார்கள். இதை மட்டும் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

6,700 ரூபாய் வாங்கிக்கொண்ட நிறுவனம் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? உன்னைக் கோயம்புத்தூரில் சேர்ப்பதற்கு. பெங்களூரைக் காட்டுவதாக அது எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் சரியாக நடக்கிற நாளில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏதாவது ஒன்று தவறுகிற நாளில் அது மட்டும்தான் தெரியும்.

தை மாதம் டெல்லியில் காலை எப்படி இருக்கும் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடுபனியில் பாதை தெரியாமல் விமானங்கள் மணிக்கணக்கில் நிற்கும், சில ரத்தாகும். அவன் பார்த்து வைத்திருந்தது காலை ஒன்பது மணி விமானம். அது இரண்டு மணி நேரம் தாமதமானாலே பெங்களூர்–கோவை இணைப்பு கைவிட்டுப் போய்விடும் என்று நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். உடனே அது ஒரு நல்ல காரியம் செய்யும்: அவனை ஹைதராபாத் வழியாகவோ மும்பை வழியாகவோ, அதிர்ஷ்டம் இருந்தால் நேராகவோ, கோவைக்கு மாற்றிவிடும். 'உங்கள் பயணம் மாற்றப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு செய்தி வரும். விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அந்த விதிப்படி நிறுவனம் தன் கடமையைச் செய்தாகிவிட்டது. 'இல்லை, எனக்குப் பெங்களூர் வழியாகத்தான் வேண்டும்' என்று கவுன்ட்டரில் என்ன காரணம் சொல்வாய்? பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பனி மூடிய சனிக்கிழமை காலையில் அந்த 6,700ஐ வைத்துக்கொண்டு பெங்களூருக்கு வேறு டிக்கெட் தேடினால் என்ன விலை சொல்வார்கள்?

எங்கள் அலுவலகத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. மும்பை செம்பூரில் குடியிருந்த ஒரு வாடிக்கையாளர், பெங்களூரில் தம்பி வீட்டுக்கு வர, பெங்களூர் வழியாகக் கொச்சி போகும் டிக்கெட்டைத் தானே வாங்கிவிட்டார். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு நிறுவனம் கால அட்டவணையை மாற்றியது. மழையும் இல்லை, பனியும் இல்லை. வெறும் அட்டவணை மாற்றம். இணைப்பு பொருந்தாததால் அவரைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் மும்பை–கொச்சி நேரடி விமானத்துக்கு மாற்றியிருந்தார்கள். நிறுவனத்தின் பார்வையில் அவருக்கு அடித்தது யோகம். அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த டிக்கெட்டை ரத்து செய்து, நேரடி பெங்களூர் டிக்கெட்டை அன்றைய விலையில் போட்டுக் கொடுத்தேன். முதலிலேயே வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம் ஆனது.

நேரடி டிக்கெட் வைத்திருப்பவருக்கும் பனி ஒன்றுதான், அவருக்கும் தாமதம் ஆகும். ஆனால் அவரை எத்தனை ஊர் சுற்ற வைத்தாலும் கடைசியில் பெங்களூரில் கொண்டு வந்து விட்டாக வேண்டும். அந்த 3,100 ரூபாய் வித்தியாசம் எதற்கான விலை என்று கேட்டால், இதற்கான விலைதான்.

நிறுவனங்கள் பின்னால் துரத்துமா என்றும் கேட்டான். துரத்தியிருக்கிறார்கள். லுஃப்தான்சா ஒரு பயணிமேல் வழக்கே போட்டது. 2016இல் ஓஸ்லோவிலிருந்து ஃபிராங்க்பர்ட் வழியாகச் சியாட்டிலுக்குப் போக வர டிக்கெட் வாங்கியவர், திரும்பும்போது ஃபிராங்க்பர்ட்டில் இறங்கி, ஓஸ்லோவுக்குப் போகாமல் பெர்லினுக்குப் போய்விட்டார். விலை வித்தியாசம் என்று 2,112 யூரோ கேட்டது நிறுவனம். பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட டிக்கெட்டுகளைத் தேடித் தருவதற்கென்றே 'ஸ்கிப்லேக்டு' என்று ஒரு தளம் இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதன்மேல் போட்ட வழக்கில் 2024 அக்டோபரில் டெக்சாஸ் ஜூரி 94 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ஆனால் அது பதிப்புரிமை மீறலுக்காக. பாதியில் இறங்குவதற்காக அல்ல. எப்போதோ ஒருமுறை இறங்குகிற ஆளைத் தேடி யாரும் பெங்களூர் வரை வரப்போவதில்லை. ஆனால் அடிக்கடி பறக்கும் பயணிகளுக்கான எண்ணை டிக்கெட்டில் போட்டுவிட்டு மாதம் இரண்டு முறை இதைச் செய்கிறவர், சேர்த்து வைத்த புள்ளிகளை இழக்கலாம்; கணக்கையே மூடும் உரிமையை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன.

பயணிக்குத் தெரியாத இன்னொரு கை இதில் சுடுபடும். தெருமுனை டிராவல்ஸில் இந்த டிக்கெட்டைப் போட்டால், நிறுவனம் விலை வித்தியாசத்தை அந்த டிராவல்ஸ்காரர் தலையில் கட்டலாம். 'ஏ.டி.எம்.' என்று ஒரு கடிதம் வரும். காசு வருகிற ஏ.டி.எம். இல்லை, காசு போகிற ஏ.டி.எம்.; ஏஜென்சி டெபிட் மெமோ. எங்களுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகும் தீபாவளிக்கு ஸ்வீட் அனுப்பினார், பணம் மட்டும் அனுப்பவில்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் இதை நம்மவர்கள் யோசிக்கவே வேண்டாம். துபாய்க்குப் போக வேண்டியவர், துபாய் வழியாக லண்டன் போகும் டிக்கெட் மலிவு என்று வாங்கினால், தேவனஹள்ளி விமான நிலையக் கவுன்ட்டரிலேயே லண்டன் விசா எங்கே என்று கேட்பார்கள். கடைசி ஊருக்கு விசா தேவை என்றால், அது இல்லாமல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போர்டிங் பாஸ் அச்சாகாது. போகாத ஊருக்கு வழி கேட்பது என்பார்கள். இது போகாத ஊருக்கு விசா எடுப்பது.

இனி மூன்றாவது வழியின் கணக்கு. அன்றைய இரவே இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே போட்டோம். வெள்ளி மதியம் மூன்று மணி வாக்கில் டெல்லி–சென்னை விமானம் 6,100 ரூபாய். மதியத்துக்குள் பனி பெரும்பாலும் விலகிவிடும். மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல். பெட்டியோடு போகலாம், ஐம்பது ரூபாய்க்குள் முடியும். இரவு பதினொரு மணி வாக்கில் பெங்களூர் மெயில், ஏசி மூன்றடுக்கில் ஏறத்தாழ அறுநூறு. கோடிட்டுக் கூட்டினால் 6,750.

இதைக் கோவை டிக்கெட்டின் 6,700 உடன் வைத்துப் பார்த்தால் ஐம்பது ரூபாய் அதிகம் போலத் தெரியும். ஆனால் கெம்பேகௌடா விமான நிலையத்தில் இறங்கினால் அல்சூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஆயிரத்தை எடுத்து வைக்க வேண்டும். மெயில் கன்டோன்மென்ட்டில் நிற்கும். அங்கிருந்து எங்கள் வீடு ஸ்கூட்டர் தூரம். கூரியர் செலவும் இல்லை, குத்துவிளக்கு அவனோடேயே வரும். பாதியில் இறங்கும் டிக்கெட்டைவிட ஆயிரத்துக்கு மேல் மிச்சம், ஒளிந்து நடக்கவும் வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட வேண்டும். விமானமும் ரயிலும் தனித்தனி டிக்கெட். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால் மெயில் அவனுக்காகக் காத்திருக்காது, அந்த அறுநூறும் போய்விடும். ஆனால் அப்போது அவன் நிற்கிற இடம் சென்னை. அங்கிருந்து இரவெல்லாம் பெங்களூருக்கு பஸ் இருக்கிறது, விடிந்தால் வந்தே பாரத்தும் சதாப்தியும் இருக்கின்றன. எதில் ஏறினாலும் சனி மாலை வரவேற்புக்கு வந்துவிடலாம். தவறினாலும் பெங்களூரை நோக்கியே தவறுகிற வழி இது.

லீவு கிடைக்காத ஆளாக இருந்தால், கல்யாணம் போன்ற நாள் தவறக் கூடாத காரியத்துக்கு 9,800 கொடுத்து நேரடியாக வா என்றுதான் சொல்லியிருப்பேன். பாதியில் இறங்கும் டிக்கெட்டை நான் ஒத்துக்கொள்வது மிகக் குறுகிய இடத்தில்: ஒருவழிப் பயணம், தோளில் ஒரு பை, விமானம் மாறுகிற டிக்கெட், இன்று வராவிட்டால் நாளை வரலாம் என்கிற வேலை, பனியோ மழையோ இல்லாத மாதம். அப்படிப் போகிற ஆளும் டிக்கெட்டைத் தானே வாங்க வேண்டும், டிராவல்ஸ்காரரை இதில் இழுக்கக் கூடாது.

"லீவு கிடைக்கும் மாமா," என்றான் கொஞ்சம் யோசித்து. "ஆனால் மெயில் நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுமே, தூக்கம் கெடுமே."

"கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் யார் தூங்குகிறார்கள்? நான் ஸ்கூட்டரோடு கன்டோன்மென்ட் வாசலில் நிற்கிறேன். குத்துவிளக்கை மட்டும் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்."

மெயிலில் அப்போது கீழ்ப் படுக்கை இரண்டு மிச்சம் இருந்தது. முதலில் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு விமான டிக்கெட்டைப் போடச் சொன்னேன்.